குறைந்த கட்டணத்துக்கு வரும் மொழிபெயர்ப்பு வேலையை மறுக்கும் மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். மூல ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு 1 ரூபாய் 80 காசு வாங்குகிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் ஏஜென்சியிலிருந்து 12,000 சொற்கள் கொண்ட வேலை ஒன்று வந்தது. மருந்து ஆய்வு ஒன்றில் பங்கேற்பவர்களுக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், நோயாளிகள் வீட்டில் நிரப்பும் குறிப்பேடு என மூன்று கோப்புகள். கட்டணம் சொல்லுக்கு 70 காசு என்றும் அதற்கு மேல் பட்ஜெட் இல்லை என்றும் திட்ட மேலாளர் எழுதியிருந்தார். ஏஜென்சி நல்ல ஏஜென்சி, துறையும் என் துறை. ஆகவே இந்த வேலை வேண்டாம், ஆனால் இவர்களிடமிருந்து வேலையே வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது என்பதுதான் எனக்கு முன் இருந்த கேள்வி.

கணக்கு எளிதானது. இத்தகைய ஆவணத்தில் கவனமாக வேலை செய்தால் நாளொன்றுக்கு 2,000 சொற்கள் முடியும். ஆக ஆறு வேலை நாட்கள். என் கட்டணத்தில் 21,600 ரூபாய், அவர்கள் சொன்னதில் 8,400 ரூபாய். நாள் கணக்கில் 3,600 ரூபாய்க்குப் பதில் 1,400 ரூபாய். இந்த அளவு இடைவெளியைப் பேரம் பேசி நிரப்ப முடியாது என்பதால் ஏற்றுக்கொள்வதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. மறுப்பதை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதில்தான் தேர்வு இருந்தது. எங்கள் தொழிலில் வழக்கத்தில் உள்ள வடிவங்கள் மூன்று: இப்போது நேரமில்லை என்பது, அவர்களுடைய பணத்துக்குள் அடங்கும்படி வேலையைச் சுருக்கித் தருவதாகச் சொல்வது, என் கட்டணம் இது என்று எழுதி மறுப்பது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதையே பரிந்துரைக்கிறேன்.

மரியாதையாக எழுத வேண்டும், அன்றைக்கே பதில் அனுப்ப வேண்டும் என்பவை மூன்றுக்கும் பொது. வேறுபடுவது ஒரே இடத்தில்தான். அந்த ஏஜென்சி மீண்டும் உங்களைத் தேடி வரும்போது எந்தக் கட்டணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறது என்பதே அந்த இடம்.

இதைப் புரிந்துகொள்ள ஏஜென்சிக்குள் வேலை எப்படி நகர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் ஒன்று அங்கே இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக மொழி, துறை, சொல்லுக்கான கட்டணம் ஆகியவை பதிவாகியிருக்கும். புதிய வேலை வந்தால் திட்ட மேலாளர் அந்தப் பட்டியலைத் திறந்து, பட்ஜெட்டுக்குள் வருபவர்களுக்குத்தான் முதலில் எழுதுவார். நம்மிடம் பேசிய மேலாளர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். அடுத்து வருபவருக்கு நம்மைப் பற்றித் தெரிவது பெரும்பாலும் பட்டியலில் உள்ள அந்த எண்ணும், பழைய மின்னஞ்சல்களும் மட்டுமே. ஆகையால் மறுப்புக் கடிதம் அந்த மேலாளருக்கு எழுதப்படுவதாகத் தோன்றினாலும், அந்தப் பதிவைப் பார்க்கப்போகும் அடுத்த ஆளுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ‘நேரமில்லை’ என்ற பதில் பலவீனமானது. யார் மனத்தையும் புண்படுத்தாது, எழுதுவதும் எளிது. அதனால்தான் பலரும் அதைக் கையாள்கிறார்கள். ஆனால் 70 காசு உங்களுக்குச் சம்மதம், தேதிதான் ஒத்துவரவில்லை என்பதே அதைப் படிப்பவருக்குக் கிடைக்கும் செய்தி. அடுத்த மாதம் அதே 70 காசோடு வேறொரு கோப்பு வரும். அப்போது கட்டணத்தைப் பற்றிப் பேசினால், முன்பு சொல்லவில்லையே என்ற நியாயமான கேள்வி எழும். கதவு திறந்திருப்பது உண்மை, ஆனால் அது 70 காசுக்குத் திறந்திருக்கிறது.

வேலையைச் சுருக்கும் வழியைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் உண்டு, சில துறைகளில் மட்டும். 8,400 ரூபாய்க்கு என் கட்டணத்தில் ஏறத்தாழ 4,600 சொற்கள் செய்யலாம்; ஒப்புதல் படிவத்தை மட்டும் நான் செய்து தருகிறேன், மற்ற இரண்டையும் வேறொருவரிடம் கொடுங்கள் என்று எழுதியிருக்கலாம். கட்டணம் குறையாமல் உறவும் தொடங்குகிறது என்பது இதன் பலம். ஆனால் மருத்துவ ஆய்வுக் கோப்புகளில் இது சிக்கலை உண்டாக்கும். மூன்று கோப்புகளும் ஒரே நோயாளியின் கைக்குப் போகின்றன. ஒருவர் ‘பங்கேற்பாளர்’ என்றும் மற்றவர் ‘தன்னார்வலர்’ என்றும் எழுதினால், ஒருவர் ‘பக்கவிளைவு’ என்பதை மற்றவர் ‘பாதகமான நிகழ்வு’ என்று எழுதினால், அதை ஒன்றுபடுத்தும் வேலை யாருடையது என்ற தகராறு கடைசியில் வரும். பெரும்பாலும் அதிகக் கட்டணம் வாங்கியவர் தலையில்தான் அது விழும். விளம்பர வாசகம், தனித்தனிக் கட்டுரை போன்றவற்றில் இந்த வழி நன்றாகப் பொருந்தும் என்று அத்துறையில் உள்ள நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அங்கே அனுபவம் குறைவு என்பதால் அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

இவற்றுக்கு நடுவே 1 ரூபாய் 20 காசு என்று பாதி வழியில் வந்து கேட்பதும் உண்டு. அதை நான் தனி வழியாகக் கருதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த 1.20 ஒருமுறைச் சலுகை என்று நீங்கள் எழுதினாலும் பட்டியலில் ‘1.20’ என்றுதான் ஏறும். ‘ஒருமுறை’ என்ற சொல் ஏறாது.

இனி நான் எழுதிய கடிதத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதியதன் உள்ளடக்கம் இது:

“வணக்கம். கோப்புகளை அனுப்பியதற்கு நன்றி. மூன்றையும் பார்த்தேன், என் துறைக்குள் வருபவைதான். ஆய்வு ஆவணங்களுக்கு என் கட்டணம் மூலச் சொல் ஒன்றுக்கு 1.80 ரூபாய். இது மார்ச் 31 வரைக்கும் பொருந்தும். இந்தத் திட்டத்தின் பட்ஜெட் அதற்கு இடம் தரவில்லை என்பது புரிகிறது, ஆகவே இதை ஏற்க இயலவில்லை. பட்ஜெட் மாறினாலோ, இதே துறையில் வேறு திட்டம் வந்தாலோ எழுதுங்கள். 12,000 சொற்களுக்கு எனக்கு ஆறு வேலை நாட்கள் தேவைப்படும். பேக் டிரான்ஸ்லேஷனுக்குப் பிறகு தமிழ்ப் பிரதியில் திருத்தம் தேவைப்பட்டால் அதை மட்டும் மணிக்கு 500 ரூபாய் வீதம் செய்து தர முடியும்.”

இதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ‘மூலச் சொல்’ என்பதைக் குறிப்பிடாமல் விடக் கூடாது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் தமிழில் எழுநூறு, எண்ணூறு சொற்களாகச் சுருங்கிவிடும். அடுத்த முறை 1.80க்குச் சம்மதித்துவிட்டு இலக்குச் சொல்லை எண்ணிப் பணம் தந்தால் உண்மையில் கிடைப்பது 1.30, 1.40தான். கட்டணத்துக்குத் தேதி போட்டதற்குக் காரணம், ஒரு வருடம் கழித்து வந்து அன்றைக்கு 1.80 என்றீர்களே என்று யாரும் கேட்கக் கூடாது என்பது. ‘உங்கள் கட்டணம் மிகக் குறைவு’ என்று எங்கும் எழுதவில்லை. பட்ஜெட்டை முடிவு செய்பவர் அநேகமாக அந்த மேலாளர் அல்லர். அவர் கையில் இல்லாத ஒன்றுக்காக அவரைக் குறை சொன்னால், நாளை பட்டியலைத் திறக்கும்போது நம் பெயரைத் தாண்டிப் போகவே அவருக்குத் தோன்றும். என் அனுபவம், படிப்பு, வீட்டுச் செலவு எதையும் கட்டணத்துக்கு நியாயமாகச் சொல்லவில்லை. நியாயம் சொல்லத் தொடங்கினால் அது பேரத்துக்கு விடும் அழைப்பாகிவிடும்.

கடைசி வரிதான் என் பார்வையில் கடிதத்தின் உயிர். வழக்கமாக நாம் திறந்து வைக்கும் கதவு ‘எதிர்காலத்தில் இணைந்து பணியாற்றுவோம்’ என்ற பொதுவான வாக்கியம். அதைப் படிப்பவருக்கு எப்போது, எதற்காக எழுத வேண்டும் என்பது தெரியாது. ஆய்வு ஆவணங்களுக்கோ ஒரு தெளிவான தருணம் உண்டு. தமிழ்ப் பிரதியை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிடுவார்கள். அதைத்தான் பேக் டிரான்ஸ்லேஷன் என்கிறோம். நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போகும் ஆவணம் என்பதால் அங்கே பொருள் மாறியிருந்தால் திருத்தாமல் விட முடியாது. மலிவாகச் செய்த மொழிபெயர்ப்பின் குறை தெரியவருவது அந்தக் கட்டத்தில்தான். ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்பது ‘தேவைப்பட்டால் விலகலாம்’ என்று ஆகியிருக்கும். ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது நோயாளியின் உரிமையே மாறிப்போயிருக்கும். அந்த நேரத்தில் மேலாளருக்கு நாள் குறைவு, முழுவதையும் மறுபடி செய்யப் பணமும் இல்லை. மணிக் கணக்கில் சில மணி நேரம் திருத்தித் தர ஒருவர் இருக்கிறார் என்பது அவருடைய மின்னஞ்சலிலேயே இருந்தால் எழுதுவார்.

எழுதினார். 12,000 சொற்கள் எனக்கு வரவில்லை, 70 காசுக்கு வேறொருவர் செய்தார். ஒப்புதல் படிவத்தின் திருத்த வேலை மட்டும் வந்தது. அதற்கு அடுத்து வந்த சிறிய படிவம் ஒன்றின் வேலை உத்தரவில் மூலச் சொல்லுக்கு 1.80 என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எல்லா ஏஜென்சியும் இப்படித் திரும்பி வருவதில்லை. கட்டணத்தை எழுதி மறுத்த பிறகு முற்றிலும் மௌனமாகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவதாக இருந்தால் ஏப்ரலில், புதிய நிதியாண்டின் கட்டணத்தைத் தெரிவிக்கும் இரண்டு வரிக் கடிதமாக அனுப்புகிறேன்; பழைய திட்டம் என்னவாயிற்று என்று விசாரிப்பதில்லை.

கையில் வேறு வேலையே இல்லாத மாதத்தில் இந்த வழி கடினமானது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது 8,400 ரூபாய் உண்மையான பணம். அதை வாங்கிக்கொள்பவரிடம் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அப்படி ஏற்றால், பின்னால் பெரிய கட்டணத்தை நீங்கள் எதிர்பார்க்காத ஓர் ஏஜென்சியிடம் ஏற்பது மேல். இன்னொரு வரம்பும் உண்டு. நான் இங்கே சொன்ன எல்லாம் கட்டணத்தைப் பட்டியலில் பதிந்து வைக்கும் ஏஜென்சிகளுக்குப் பொருந்துவது. ஒரு மருத்துவமனையோ தொண்டு நிறுவனமோ நேரடியாகக் கேட்கும்போது அங்கே பட்டியல் இல்லை, எழுதுபவரே பெரும்பாலும் முடிவெடுப்பவராகவும் இருப்பார். அத்தகையவர்களோடு நான் செய்தது குறைவு, ஆனாலும் அவர்களுக்கு வேலையைச் சுருக்கும் வழியையே முதலில் முன்வைப்பேன். தகவல் தாளை மட்டும் இப்போது செய்து தருகிறேன், குறிப்பேட்டை அடுத்த தவணை நிதி வந்ததும் நானே செய்கிறேன் என்று சொன்னால் இரண்டு கோப்பும் ஒரே கையில் இருக்கும். மேலே சொன்ன சொல் வேறுபாட்டுச் சிக்கலும் எழாது.