முதல் நாவலும் பதிப்பாளருக்கு எழுதிய இரண்டு கடிதங்களும்

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் என் தோழி, தம் முதல் நாவலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்புவதற்காக இரண்டு கடிதங்களை எழுதி, எதை அனுப்பலாம் என்று கேட்டார். முதலாவது இரண்டு பக்கம், அடுத்தது அரைப் பக்கம்.

நீண்ட கடிதம், "கடலோர மக்களின் வாழ்வையும் கடனின் கொடுமையையும் ஒரு பெண்ணின் உறுதியையும் இந்நாவல் பேசுகிறது" என்று தொடங்குகிறது. இந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் வேறு நூறு நாவல்களுக்கும் அப்படியே பொருந்தும். அடுத்த பத்திகளில் ஏழு பாத்திரங்களின் பெயர்கள் வருகின்றன. ஐந்தாம் பெயருக்கு வரும்போதே நான் மேலே திரும்பிப் போய், இது யாருடைய கதை என்று தேட வேண்டியிருந்தது.

சுருக்கிய கடிதத்தின் கதைப்பகுதி இது:

"ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். அண்ணனின் படகை ஈடாக வைத்து வாங்கிய கடனை ஜூன் 14-க்குள் செல்வி அடைக்காவிட்டால் படகு கைமாறிவிடும். ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் அவளுக்கு முதலாளியின் பொய்க்கணக்கு தெரியும். வெளியே சொன்னால் வேலை போகும். வாயை மூட விலை கேட்டால் கடன் அடையும்."

யார், எந்த நாளுக்குள், எதை இழப்பார், எதற்கும் எதற்கும் நடுவே நிற்கிறார் என்ற நான்கும் இதில் உள்ளன. தடைக்காலத்தின் தேதிகளே நெருக்கடியைச் சொல்லிவிடுவதால், "விறுவிறுப்பான நாவல்" என்று ஆசிரியர் தாமே சான்றிதழ் தர வேண்டியதில்லை. இதையும் வெட்டி "கடனில் சிக்கிய பெண்ணின் 61 நாள்கள்" என்று ஒரே வரியாக்கலாமா என்று தோழி கேட்டார். அப்படிச் செய்தால் பொய்க்கணக்கு போய்விடும். அதோடு செல்வி எடுக்க வேண்டிய முடிவும் போய்விடும் என்பதால் நான் தடுத்தேன்.

கதையின் முடிவை மறைத்தது இந்தக் கடிதத்துக்குச் சரி. பதிப்பகம் கதைச்சுருக்கம் தனியாகக் கேட்டால், அதில் கடைசி அத்தியாயம் வரை சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியர் குறிப்பிலும் சுருக்கியதே மேல். பட்டங்களும் பள்ளிக் கவிதைப் பரிசும் நின்ற ஒன்பது வரிகளுக்குப் பதிலாக, "காசிமேட்டில் 11 ஆண்டுகளாக ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு சிறுகதைகள் சிற்றிதழ்களில் வந்துள்ளன. இது என் முதல் நாவல், 52,000 சொற்களில் முடித்திருக்கிறேன்" என்று மட்டும் இருக்கிறது. ஆனால் இதே குறிப்பு, பொய்க்கணக்குக் கதையோடு சேரும்போது, உண்மையான முதலாளி ஒருவர் வழக்குத் தொடுப்பாரோ என்ற அச்சத்தைப் பதிப்பாளருக்குத் தரக்கூடும். ஆகவே, நிறுவனமும் மனிதர்களும் கற்பனையே என்று, அது உண்மையாகவும் இருப்பதால், ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

நீண்ட கடிதத்திலிருந்து காப்பாற்ற வேண்டியது ஒன்றே: உரையாடல் முழுவதும் காசிமேட்டுப் பேச்சுவழக்கில் இருக்கிறது என்ற வாக்கியம். பிழை திருத்துபவர் அதை எழுத்துத் தமிழாக மாற்றிவிடாதிருக்க, பதிப்பாளருக்கு இது தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். அதைச் சொல் எண்ணிக்கைக்கு அடுத்த வரியாக வைத்தோம்.