தீபாவளிக்கு முன் விளம்பரச் செலவை எப்போது, எவ்வளவு உயர்த்துவது: கூகுள் டிரெண்ட்ஸுடன் நான்கு ஆண்டுகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்கள் குடும்பம் சிறுமிகளுக்கான பட்டுப்பாவாடைக் கடை நடத்துகிறது. இணையம் வழியாக வரும் ஆர்டர்களையும் கூகுள் விளம்பரங்களையும் நான் பார்த்துக்கொள்கிறேன். 2022-இல் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில்தான் பட்ஜெட்டை உயர்த்தினோம். வெளியூருக்குக் கூரியர் போய்ச் சேராத நேரத்தில் ஆர்டர்கள் குவிந்ததால், அடுத்த ஆண்டிலிருந்து தேடல் போக்கைப் பார்த்து முன்கூட்டியே உயர்த்துவது என்று முடிவு செய்தேன்.

தேடல் போக்கைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாண்டுக் காலத்துக்கு `pattu pavadai + pavadai sattai` என்று இட்டால் வாரவாரியாக ஒரு கோடு கிடைக்கும். கூட்டல் குறி இரண்டு சொற்களின் தேடலையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. சென்னைக்கு மட்டும் என்று சுருக்காமல் மாநில அளவிலேயே நிறுத்திக்கொண்டேன். அதில் தெரியும் 100 என்பது தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. நாம் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற வாரங்களை அதனோடு ஒப்பிடும் அளவு மட்டுமே.

அந்தக் கோட்டை வைத்துக்கொண்டே 2023-இல் நான் தவறு செய்தேன். 2022-இல் ஏற்றம் செப்டம்பர் 25-ஆம் தேதி வாரத்தில் தொடங்கியிருந்ததால், 2023-இலும் செப்டம்பர் 24 அன்று நாள் பட்ஜெட்டை 500 ரூபாயிலிருந்து 1,250 ரூபாயாக்கினேன். ஆனால் 2022-இல் அக்டோபர் 24 அன்று வந்த தீபாவளி, சந்திர நாட்காட்டியில் கூடுதலாகச் சேரும் அதிக மாதம் குறுக்கிட்ட 2023-இல் நவம்பர் 12-க்குத் தள்ளிப்போயிருந்தது. மூன்று வாரம் கிளிக்குகள் வந்தன, ஆர்டர்கள் வரவில்லை. ஏறத்தாழ 15,000 ரூபாய் கூடுதலாகச் செலவானது. கணக்கைப் பார்த்த என் மாமியார், "மாளய பட்சத்துல யாரும்மா துணி எடுப்பாங்க, அமாவாசை போகட்டும்" என்றார்.

அவர் சொன்னதைக் கோட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. மாளய அமாவாசைக்கு அடுத்த அமாவாசையை ஒட்டியே தீபாவளி வருவதால், 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டுகளிலும் இரண்டுக்கும் இடையே சரியாக 29 நாட்கள்தான் இருந்தன. மாளய பட்சத்தில் தேடல் தணிந்து, மறுநாளே தொடங்கும் நவராத்திரியில் கொலுவுக்காக ஒரு சிறிய மேடாக எழுந்து, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு பெரிய மேடாகிறது. அதனால் இப்போது தேதிப்படி ஒப்பிடுவதில்லை. பதிவிறக்கிய அட்டவணையில் வாரத் தேதிகள் A2-இலிருந்து தொடங்கும்படி வைத்து, அந்தந்த ஆண்டின் தீபாவளியை E1 கட்டத்தில் வைத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று கணக்கிடுகிறேன்:

```
=INT(($E$1-A2)/7)
```

எப்போது உயர்த்துவது என்பது இவ்வாறு தீர்ந்தது. எவ்வளவு என்பதில் 2024-இல் மீண்டும் சறுக்கினேன். ஜூலை, ஆகஸ்ட் சராசரியை அடிப்படையாக வைத்தபோது உச்ச வாரத் தேடல் இரண்டரை மடங்காக இருந்ததால், பட்ஜெட்டையும் இரண்டரை மடங்காக்கினேன். அப்படியும் உச்ச வாரத்தில் கேம்பெயின் `Limited by budget` என்று காட்டியது, மாலைக்குள் விளம்பரம் நின்றுபோனது. எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் விளம்பர இடத்துக்கான ஏலத்துக்கு வருவதால் ஒரு கிளிக்கின் விலையும் எங்களுக்கு 1.3 மடங்கு ஏறியிருந்தது. டிரெண்ட்ஸ் இதைக் காட்டாது, முந்தைய ஆண்டின் விளம்பரக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஆகவே 2025-இல் இரண்டையும் பெருக்கி (2.5 × 1.3 = 3.25), உச்சத்துக்கு 1,600 ரூபாய் என்று வைத்தேன். செப்டம்பர் 21 மாளய அமாவாசை முடிந்ததும் 700 ரூபாயில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உயர்த்தி, அக்டோபர் முதல் வார இறுதியில் 1,600-ஐத் தொட்டேன். ஒரே நாளில் மும்மடங்காக்கினால், தானாக ஏலத்தொகையை முடிவு செய்யும் முறை தடுமாறி, வாங்காதவர்களின் கிளிக்குகளுக்கும் அதிக விலை கொடுக்கிறது என்பது என் அனுபவம். ஒரு நாளில் நாள் பட்ஜெட்டைப் போல இரு மடங்கு வரை செலவாகலாம் என்பதால், கையிருப்பையும் அதற்கேற்ப வைத்திருந்தேன்.

கடைசி ஐந்து நாட்களில் தேடல் இன்னும் உயரத்தில் இருந்தாலும் வெளியூர் விளம்பரத்தை நிறுத்தி, சென்னைக்கு மட்டும் ஓடவிட்டேன். அந்தத் தேடல்களில் பெரும்பகுதி, நேரில் எடுக்க அருகில் கடை தேடுபவர்களுடையது.

2026 தீபாவளி நவம்பர் 8-ஆம் தேதி வருகிறது. அதாவது 2023-ஐப் போலவே முந்தைய ஆண்டைவிட 19 நாள் தள்ளி. சென்ற ஆண்டின் கோட்டைத் தேதிப்படி அப்படியே நகலெடுப்பவர்கள் செப்டம்பர் இறுதியிலேயே மாளய பட்சத்துக்குள் பணத்தை இறக்கிவிடுவார்கள். நான் அக்டோபர் 10 அமாவாசைக்கு மறுநாள்தான் தொடங்கப் போகிறேன்.