பொது வைஃபையில் விளையாட்டுக் கணக்கு: விபிஎன், மொபைல் டேட்டா, ஓடிபி, பாஸ்கீ நான்கில் எது எதைக் காக்கிறது?

2024 ஏப்ரலில், ஆஸ்திரேலிய உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகத்துக்கிடமான வைஃபை இணைப்பு தென்படுவதை விமானப் பணியாளர்கள் கவனித்தார்கள். அந்தத் தகவலின் பேரில் நடந்த விசாரணையில், பயணி ஒருவரின் கைப்பையிலிருந்து சிறிய வைஃபை கருவி ஒன்றும் மடிக்கணினியும் கைப்பேசியும் கைப்பற்றப்பட்டன. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானங்களுக்குள்ளும் உண்மையான வைஃபையைப் போலவே பெயர் வைத்த போலி இணைப்பை அவர் பரப்பினார் என்பது வழக்கு. அதில் இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் திறக்கும். மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் விவரங்களைக் கொடுத்தால் இணையம் கிடைக்கும் என்று அந்தப் பக்கம் சொல்லும்.

காற்றில் போன தரவை இடைமறித்து உடைக்க வேண்டிய வேலையே அங்கு இல்லை. பயணிகள் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே தட்டச்சு செய்து கொடுத்தார்கள். விளையாட்டுக் கணக்கைக் காக்கச் சொல்லப்படும் வழிகளை ஒப்பிடும்போது, ஒவ்வொன்றையும் இந்த ஒரு நிகழ்வின் மீது வைத்துப் பார்ப்பதே சரியான உரைகல் என்று நான் கருதுகிறேன்.

பலருக்கும் இன்றும் இருக்கும் அச்சம் 2010ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது ஃபயர்ஷீப் என்ற உலாவி நீட்சியை நிறுவிய எவரும், ஒரே திறந்த வைஃபையில் இருந்த பிறரின் கணக்குகளுக்குள் ஒரு சொடுக்கில் நுழைய முடிந்தது. அன்று பெரும்பாலான தளங்கள் உள்நுழைவுப் பக்கத்தை மட்டுமே மறையாக்கம் செய்தன. இன்று ஸ்டீம், பிளேஸ்டேஷன், எபிக் போன்றவற்றின் உள்நுழைவும் அதற்குப் பிந்தைய கணக்குப் பக்கங்களும் முழுதும் மறையாக்கப்பட்ட https வழியாகவே செல்வதால், பக்கத்து மேசைக்காரருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாமே தவிர, கடவுச்சொல் தெரியாது. சான்றிதழ் எச்சரிக்கை வந்தும் அதை மீறி உள்ளே போனால் மட்டும் இந்தக் காப்பு கைவிட்டுப் போகும்.

முதலில் விபிஎன். உங்கள் கருவிக்கும் விபிஎன் நிறுவனத்தின் சேவையகத்துக்கும் இடையே அது ஒரு மறையாக்கப் பாதையை அமைக்கிறது. வைஃபை வைத்திருப்பவரால் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ரயில் நிலைய, விமான நிலைய வைஃபைகளில் முதலில் அவர்களுடைய நுழைவுப் பக்கத்தைக் கடந்த பிறகுதான் விபிஎன் இயங்கத் தொடங்கும். ஆஸ்திரேலியப் பயணிகள் ஏமாந்ததோ அந்த நுழைவுப் பக்கத்திலேயே. அவர்களில் யாரிடமாவது விபிஎன் இருந்திருந்தாலும், அது இயங்குவதற்கு முன்பே கடவுச்சொல் போயிருக்கும். இணையப் பாதை சுற்றிச் செல்வதால் பிங் கூடும் என்பதும், இருப்பிடத்தை மறைக்க விபிஎன் பயன்படுத்துவதை ஸ்டீமின் விதிகள் தடை செய்கின்றன என்பதும் கூடுதல் சிக்கல்கள். காசு வாங்காத விபிஎன் என்றால், வைஃபைக்காரருக்குப் பதிலாக முகம் தெரியாத இன்னொருவரை நம்புகிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, சொந்தக் கைப்பேசியின் மொபைல் டேட்டா. இதில் நுழைவுப் பக்கமே கிடையாது. எனவே அந்தப் போலிப் பக்கத்துக்கு இடமே இல்லை. டேட்டா தீர்ந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். தீர்ப்பது புதுப்பிப்புகள்தான், அவை பல ஜிபி வரை போகும். உள்நுழைவதற்குச் செலவாவது சில எம்பி மட்டுமே. ஆகவே பதிவிறக்கத்தையும் விளையாட்டையும் வைஃபைக்கு விட்டுவிட்டு, கடவுச்சொல் அடிக்க வேண்டிய அந்த இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிக்கொள்வது விபிஎன்னை விட எளிது, உறுதியும் கூட. வெளிநாட்டு விமான நிலையத்தில் ரோமிங் இல்லாத சிம்முடன் நிற்பவருக்கு மட்டும் இது கைகொடுக்காது.

அவர்களுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு முக்கியமாகிறது. அதில் குறுஞ்செய்தி ஓடிபி ரோமிங் இல்லாத இடத்தில் வந்து சேராது. செயலி தரும் குறியீட்டுக்கு இணையம் தேவையில்லை. கருவியின் கடிகாரமும், முதலில் பதிவான ரகசிய எண்ணும் போதும். ஸ்டீமின் சரிபார்ப்பு வசதியான Steam Guard ஐந்து எழுத்துக் குறியீட்டை 30 விநாடிக்கு ஒரு முறை மாற்றுகிறது. கடவுச்சொல்லை மட்டும் திருடியவர் இதில் நின்றுவிடுவார்.

ஆனால் குறியீட்டையும் சேர்த்துக் கேட்கும் போலிப் பக்கத்தை இது தடுக்காது. ஒருவர் மதுரை ரயில் நிலையத்தில் மடிக்கணினியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எங்கள் அணிக்கு வாக்களியுங்கள்’ என்று நண்பரின் கணக்கிலிருந்து சுட்டி வருகிறது. அழுத்தினால் ஸ்டீம் உள்நுழைவுச் சாளரம் மேலெழுகிறது, அதன் முகவரிப் பட்டையில் steamcommunity.com என்று சரியாகவே இருக்கிறது. அந்தச் சாளரம் உண்மையில் பக்கத்துக்குள் வரையப்பட்ட படம். இந்த ஏமாற்று முறை 2022இல் ஸ்டீம் பயனர்களுக்கு எதிராகப் பரவலாகக் கையாளப்பட்டது. தலைப்புப் பட்டையைப் பிடித்து உலாவியின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பாருங்கள்: உண்மையான சாளரம் வெளியே வரும், போலி விளிம்பிலேயே முட்டி நிற்கும். இழுத்துப் பார்க்காமல் குறியீட்டை அடித்தால், மறுமுனையில் இருக்கும் நிரல் அந்த 30 விநாடிக்குள்ளேயே அதை உண்மையான ஸ்டீமில் செலுத்திவிடும். கடவுச்சொல் மேலாளர் வைத்திருப்பவருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வழக்கமாகத் தானே நிரப்பும் அது, இங்கே ஒன்றும் செய்யாமல் இருந்தால் முகவரி பொருந்தவில்லை என்று பொருள். அப்போது கையால் அடிக்கவே கூடாது.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியில் சேமிக்கப்படும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ இந்த ஓட்டையை அடைக்கிறது. அது உருவான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், பக்கம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் வேறு முகவரிக்குக் கருவி அதைக் கொடுக்காது. நாம் ஏமாந்தாலும் கருவி ஏமாறாது. நிண்டெண்டோ கணக்குகளுக்கு 2023இலும் பிளேஸ்டேஷன் கணக்குகளுக்கு 2024இலும் இந்த வசதி வந்தது. ஆனால் கணக்கில் பழைய கடவுச்சொல் வழியும் திறந்திருந்தால் திருடர் அந்த வழியாக வருவார். அதைவிடக் கவலைக்குரியது மின்னஞ்சல். மறந்த கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் அங்கேதான் வருகிறது. ஆஸ்திரேலியப் போலிப் பக்கம் கேட்டவற்றிலும் மின்னஞ்சல் கணக்கு இருந்தது. பாஸ்கீயோ செயலிக் குறியீடோ, முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எனவே என் வரிசை இது: பாஸ்கீ இருந்தால் பாஸ்கீ, இல்லாத இடத்தில் செயலிக் குறியீடும், உள்நுழைய மொபைல் டேட்டாவும், விபிஎன் கடைசியில். வீட்டிலேயே உள்நுழைந்துவிட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் வெளியே கடவுச்சொல் அடிக்கும் தேவையே வராது; வைஃபை மாறியதும் விளையாட்டு திடீரென்று மீண்டும் கடவுச்சொல் கேட்டால், அதையே சந்தேகத்துக்குக் காரணமாகக் கொள்ளலாம். நம் ரயில் நிலையங்களின் RailWire வைஃபை கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் மட்டுமே கேட்கும். அதே பெயரில் வந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கம் போலி. பயணம் முடிந்ததும் அந்த இணைப்பைக் கைப்பேசியின் நினைவிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையெனில் அதே பெயரில் எவர் பரப்பினாலும் கருவி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே அடித்துவிட்டவர் வைஃபையைத் துண்டித்து, மொபைல் டேட்டாவில் முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் பிறகு விளையாட்டின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். அடுத்து எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்த வேண்டும். ஸ்டீமில் steamcommunity.com/dev/apikey பக்கத்தில் வெளி நிரல்கள் உங்கள் கணக்குத் தகவலைப் பெற உதவும், நீங்கள் உருவாக்காத சாவி ஏதும் இருந்தால் அதையும் நீக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் உங்கள் பொருள் பரிமாற்றங்களைத் திருடர் வேவு பார்ப்பது அந்தச் சாவியின் வழியாகத்தான்.