'இரண்டு மாதம் இலவசம்' என்று சொல்லி ஆண்டுச் சந்தாவுக்கு மாற்றுகிறார்கள்: கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துவோர் கவனத்துக்கு

கொடைக்கானலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாடகை வீட்டை எடுத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீசன் நெருங்கும்போது உங்களுக்கும் இதே அழைப்பு வரும்.

நானும் என் கணவரும் வில்பட்டிப் பக்கம் மூன்று அறைகளை வைத்து நடத்தி வந்தோம். வெவ்வேறு முன்பதிவுத் தளங்களில் ஒரே அறை இரண்டு பேருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் சேனல் மேனேஜர் மென்பொருள் ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தோம். மாதம் 1,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மார்ச் மாதம் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி அழைத்தார். ஆண்டுச் சந்தாவுக்கு மாறினால் 15,000 ரூபாய்தான், பன்னிரண்டு மாதத்துக்குப் பத்து மாதப் பணம் போதும் என்றார்.

நான் அவரிடம் தெளிவாகவே சொன்னேன். "தம்பி, இது வாடகை வீடு. பதினொரு மாத ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. வீட்டுக்காரர் புதுப்பிப்பாரா என்று தெரியாது. நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்?" அதற்கு அவர், "கவலைப்படாதீர்கள் மேடம், மீதி மாதங்களுக்கான பணம் திரும்பி வந்துவிடும்" என்றார். அந்த வாக்கை நம்பி வரியோடு 17,700 ரூபாய் கட்டினோம்.

செப்டம்பரில் வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டார். ஆறு மாதம் பயன்படுத்தியிருந்தோம். மீதி ஆறு மாதத்துக்கு, வரி நீங்கலாக, 7,500 ரூபாய் வர வேண்டும் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். நிறுவனம் அனுப்பிய கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஆண்டுச் சந்தாவை முறித்ததால் தள்ளுபடி ரத்து. பயன்படுத்திய ஆறு மாதத்துக்கும் மாத விலையில் 9,000 ரூபாய் கழிவு. தொடக்கத்தில் 'இலவசம்' என்று சொல்லிச் செய்துகொடுத்த அமைப்புப் பணிக்கு 4,500 ரூபாய் கழிவு. மிஞ்சியது 1,500 ரூபாய். அதுவும் கையில் வராது, அவர்களுடைய வேறு சேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் வரவாக மட்டுமே கிடைக்கும். ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டிவிட்டதால் அதைத் திருப்பித் தர முடியாது என்றும் எழுதியிருந்தார்கள்.

'மீதிப் பணம் திரும்பும்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இத்தனை வேறுபாடு ஒளிந்திருக்கிறது. மீதி மாதங்களை ஆண்டு விலையின் விகிதத்தில் கணக்கிட்டுத் திருப்புவது ஒரு முறை. அப்படிச் செய்தால் நடுவில் நிறுத்தினாலும் ஆண்டுச் சந்தாதான் லாபம். பயன்படுத்திய மாதங்களுக்கு மட்டும் மாத விலை போட்டு மற்றதைப் பணமாகத் திருப்புவது இன்னொரு முறை. அதில் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. பணம் சில மாதம் அவர்களிடம் முடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். எதையுமே திருப்பாமல் ஆண்டு முடிவில்தான் சந்தா நிற்கும் என்பது மூன்றாவது. எங்களுக்குப் பெயரளவில் இரண்டாவது முறை. உள்ளே ஏற்றிய கழிவுகளால் கிட்டத்தட்ட மூன்றாவது. எந்த முறை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஆறாம் மாத முடிவில் நிறுத்தினால் என் வங்கிக் கணக்குக்கு எத்தனை ரூபாய் வரும் என்று தொகையாகவே கேளுங்கள். ஒரு எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் மாதச் சந்தாவிலேயே இருந்துவிடுங்கள்.

எதுவும் திரும்பாது என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் இருந்தால் மிச்சம் வரியோடு 3,540 ரூபாய். ஆறு மாதத்தில் நிறுத்தினால், மாதச் சந்தாவில் 10,620 ரூபாயோடு முடிந்திருக்கும், கட்டியதோ 17,700. இழப்பு 7,080, அதாவது மிச்சத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. ஆகவே ஆறாம் மாதத்தில் நிறுத்த வேண்டி வர மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே ஆண்டுச் சந்தா கட்டுபடியாகாது. பத்து மாதப் பணத்தை முன்பே கட்டிவிடுவதால், பத்தாம் மாதம் முடிந்த பிறகுதான் அந்த 'இலவசம்' தொடங்குகிறது. பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் பாதி ஓடிய நிலையில் இருப்பவருக்கு அந்த நாள் வருமா என்பதே சந்தேகம்.

நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம். பிறகு விடுமுறை நாட்களில் கொஞ்சம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் பல வீடுகளில் அறைகள் காலியாகவே கிடக்கும். 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு வந்துவிட்டது. ஆண்டில் ஏழு மாதம் மட்டும் மென்பொருள் தேவைப்படுகிறவர், மாதச் சந்தாவை இடையிடையே நிறுத்திக்கொண்டால் வரி நீங்கலாக 10,500 ரூபாயில் முடித்துவிடலாம். ஆண்டுச் சந்தாவைவிட அது 4,500 ரூபாய் குறைவு. ஆனால் நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போது ஒவ்வொரு முன்பதிவுத் தளத்தோடும் அறைகளைப் புதிதாக இணைக்க வேண்டியிருக்கலாம். அந்த இடைவெளியில் நாட்காட்டியை நாமேதான் பார்த்து மூட வேண்டும். மூன்று, நான்கு அறைகளுக்கு இது பெரிய வேலை அல்ல.

பணத்தை ஏற்கெனவே கட்டிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பழைய பில்லை எடுத்துப் பார்த்தோம். அமைப்புப் பணிக்கு எதிரே பூஜ்ஜியம் என்று அச்சாகியிருந்தது. பில்லில் இல்லாத கட்டணத்தைப் பின்னால் எப்படிச் சேர்த்தீர்கள் என்று அந்தப் பக்கத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்பினோம். 'நீங்கள் வியாபாரி, நுகர்வோர் அல்ல. நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது' என்று பதில் வந்தது. இதற்குப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கம் என்று ஒதுக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. அந்த விளக்கத்தில் சேவை என்ற சொல் இல்லை என்பதால் நிறுவனம் மறுத்து வாதாடலாம், ஆனாலும் நம் பக்க வாதத்தை வைக்கலாம். கணவனும் மனைவியும் சமைத்து, அறையைத் துடைத்து நடத்தும் மூன்று அறை வீடு வேறென்ன?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். அது தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும் இடம்தான். ஆனாலும் புகார் எண் கிடைத்த பிறகு நிறுவனத்தின் பேச்சு மாறியது. அமைப்புப் பணிக்கான 4,500 ரூபாயை விட்டுக்கொடுத்து, 6,000 ரூபாயை வங்கியிலேயே செலுத்திவிட்டார்கள். அந்தத் தொகைக்கான வரி 1,080 ரூபாயும், வாய்மொழியாகச் சொன்ன விகிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1,500 ரூபாயும் இன்னும் நிற்கின்றன. அந்த வாக்கு தொலைபேசியில் சொன்னது என்பதால் 1,500 ரூபாயை நிரூபிப்பது கடினம். தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். வாங்குகிறவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.

வரியைத் திருப்ப முடியாது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சேவையின் ஒரு பகுதி வழங்கப்படாமல் பணம் திரும்பும்போது, விற்பவர் கிரெடிட் நோட் கொடுத்துத் தம் வரிக்கணக்கைக் குறைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆவது பிரிவு வழி செய்கிறது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அதற்குக் கடைசி நாள். மார்ச்சில் பில் போட்டவர்களுக்கு அதே ஆண்டு நவம்பரிலேயே கெடு முடிந்துவிடும், எனவே சந்தாவை நிறுத்தும் மின்னஞ்சலிலேயே கிரெடிட் நோட்டையும் கேட்டுவிடுங்கள்.