அவருக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல் வேலை: மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன்

என் வீட்டுக்காரர் மெடிக்கல் பில்லிங்கில் ஏஆர் காலர். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வர வேண்டிய பணம் ஏன் வரவில்லை என்று அங்கே உள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் கேட்கிற வேலை, அதனால் அவர்கள் ஆபீஸ் திறந்திருக்கும் நேரம்தான் இவருக்கு வேலை நேரம். நான் மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம் தாண்டிவிட்டது, குழந்தை இன்னும் இல்லை. இந்த ஏற்பாட்டில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதுகிறேன். புதிதாகக் கல்யாணமாகி இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, வருடம் முழுக்க ஒரே டைம்டேபிள் கிடையாது என்பது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். நியூயார்க் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்த ஒரு மணி நேரத்தில்தான் எங்கள் குடும்பமே இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை கேப் அவரை இறக்கிவிடும்போது 5.30, நான் எழுந்திருக்கிற நேரமும் அதுதான். நான் பள்ளிக்குக் கிளம்புவது 7.20. சாயங்காலம் நான் 4.45க்கு வந்தால் அவர் 5.45க்குத்தான் கிளம்புவார். கோடையில் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். விடியற்காலை 4.30க்கு வருவார், சாயங்காலம் நான் தெருமுனையில் திரும்பும்போது அவர் கேப் ஏறிக்கொண்டிருப்பார்.

கோடைக்கு ஈடுகொடுக்க நான் அலாரத்தை 4.30க்கு வைத்துப் பார்த்தேன். சில வாரம்தான் தாங்கியது, மதியம் இரண்டு மணிப் பீரியடில் போர்டில் எழுதிக்கொண்டே இருக்கும்போது அடுத்த வரி என்ன என்று மறந்து நின்றேன். விட்டுவிட்டோம். இப்போது கோடையில் அவர் வந்து குளித்துவிட்டு, பேசாமல் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வார், 5.30 வரை அவ்வளவுதான். தூக்கத்திலேயே என் கை அவர் மேல் போய்விடும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேச்சே இல்லாத அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் கோடை மாதங்களை எங்களால் தாண்டியிருக்க முடியாது.

அந்தக் காலை நேரத்தில் எனக்கு டிகிரி காபி, அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி. அவரும் ஆசைக்கு என்னோடு காபி குடித்துக்கொண்டிருந்தார், மொட்டைமாடியில் வெயில் ஏறுகிற வரை உட்கார்ந்திருப்போம். அது எனக்கு ரொம்பப் பிடித்த நேரம், ஆனால் அவர் தூக்கம் போயிற்று. காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், வெயில் வேறு உடம்பைப் பகலுக்கு எழுப்பிவிடும். இப்போது சமையலறையிலேயே, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசுகிறோம். 7.45க்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பார். தூக்கம் சரியாக இல்லாத நாளை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பதில் எல்லாம் "ம்", "சரி", "பாத்துக்கலாம்" என்று ஒற்றை வார்த்தையாக வரும். அன்றைக்குப் பெரிய விஷயம் எதையும் எடுப்பதில்லை. எழுந்து முதல் அரை மணி நேரமும் அப்படித்தான், மூளை முழுசாக விழிக்காத நேரத்தில் கேட்ட கேள்விகள்தான் எங்களுக்குள் சண்டையாகியிருக்கின்றன.

அப்புறம் வாய்ஸ் நோட். அவர் ஆபீஸில் நோயாளிகளின் விவரம் திரையில் இருப்பதால் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நினைத்த நேரத்தில் மெசேஜ் போடுவதெல்லாம் நடக்காது. நான் படுப்பதற்கு முன்னால் பேசி அனுப்புவதை அவர் சாப்பாட்டு பிரேக்கில் கேட்பார். அவர் திரும்பி வரும்போது கேப்பில் மற்றவர்கள் தூங்குவதால் குரலை இறக்கிப் பேசியதை நான் எழுந்ததும் கேட்பேன், சில நாள் அவர் பக்கத்திலேயே இருக்கும்போது கேட்பேன். நாளடைவில் இது கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று ஆகிவிட்டது. அதையெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் வைத்த நோட்டுக்கு மாற்றினோம். வாய்ஸ் நோட்டில் கதை மட்டும். யார் என்ன சொன்னார்கள், எனக்கு எங்கே வலித்தது, எதற்குச் சிரித்தேன் என்பது மட்டும். இந்த ஒரு மாற்றம்தான் மிகவும் உதவியது என்று சொல்வேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு டிசம்பரில் பொதுத்தேர்வு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கச் சொன்னார்கள், காலையா மாலையா என்று நானே சொல்லலாம். காலை என்றால் 6.20க்குக் கிளம்ப வேண்டும், மாலை என்றால் நான் வீடு வரும்போது அவர் போயிருப்பார். நேரில் பேசியிருந்தால் அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்போம். மூன்று ராத்திரி மாறி மாறிப் பேசி அனுப்பினோம். முதல் நாள் அவர், "உனக்கு எது வசதியோ அதை எடு" என்றார். அடுத்த நாள் நான், வசதியைக் கேட்கவில்லை, எந்த நேரத்தில் நான் உங்களோடு இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்று கேட்டேன். மூன்றாம் நாள் பதில் நீளமாக வந்தது. சாயங்காலம் எழுந்து, சட்டை தேய்த்து, டிபன் கட்டி, டிரைவர் போனுக்குக் காத்திருக்கிற நேரத்தில் நீ பேசுவது காதில் விழுகிறதே தவிர மனதில் நிற்பதில்லை, காலையில் வேலை முடிந்துவிட்டது, எங்கேயும் போக வேண்டாம், அப்போதுதான் நான் வீட்டில் இருக்கிறேன் என்றார். மாலை கிளாஸை எடுத்தேன், காலை தப்பித்தது.

சனி, ஞாயிறுதான் மிகவும் கஷ்டப்பட்ட இடம். லீவு நாளிலாவது நம்மைப் போல ராத்திரி பத்து மணிக்குப் படுக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவரும் முயன்றார், சனிக்கிழமை முழுக்கத் தள்ளாட்டம், ஞாயிறு கொஞ்சம் சரியாகும், திங்கள் ராத்திரி ஆபீஸில் கண் எரியும். சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழகத்தில் சார்மேன் ஈஸ்ட்மன் குழு நைட் ஷிப்ட்காரர்களுக்கு ஒரு நடுவழி சொல்லியிருக்கிறது. வேலை நாளில் 8.30 முதல் 3.30 வரை தூக்கம், லீவு நாளில் விடியற்காலை 3 முதல் மதியம் 12 வரை. அவர்கள் பிரகாச விளக்கு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் சேர்த்துச் சோதித்தார்கள், நாங்கள் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மதியம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி பதினொன்று வரை இரண்டு பேரும் தெளிவாக விழித்திருக்கிறோம். தாம்பத்தியமும் இதில்தான், சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு போனை அணைத்து, கதவைத் தாழிட்டுவிடுவோம். முதலிலேயே பேசி வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது, இப்போது இல்லை. தானாக அமையட்டும் என்று விட்டால் வாரங்கள் ஓடிவிடும். இதற்கு விலையும் உண்டு, காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கெல்லாம் நான் தனியாகத்தான் போகிறேன், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், சொல்லிப் புரியவைக்கிறேன்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இது இப்படியே நடக்காது, பகல் தூக்கத்துக்குத் தனி அறை இல்லாத வீட்டிலும் கஷ்டம். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிற நர்ஸ்களுக்கும் மில் வேலைக்காரர்களுக்கும் நிலையான நேரமே கிடையாது. அவர்கள் ரோஸ்டர் வந்த அன்றே இரண்டு பேருடைய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அந்த வாரத்துக்கு ஒரே ஒரு பொது நேரத்தை மட்டும் வட்டம் போட்டு வைத்துக்கொண்டால் போதும், மீதி நாட்களுக்கு வாய்ஸ் நோட் இருக்கிறது.