கச்சேரி போட்டோவுல கோட்டு மாத்தித் தாரேன்னு 2000 ரூவா போச்சு

பாளையங்கோட்டை பக்கம் ஒரு ஸ்டூடியோவுல ஏமாந்த கதை இது, பாட்டு ட்ரூப்பு வச்சிருக்கவங்க யாராச்சும் இதே வேலைய குடுக்கப் போறீங்கன்னா படிச்சிட்டுப் போங்க.

போன சித்திரைக் கொடையில நாங்க பாடுன போட்டோ பத்து நல்லா வந்திருந்துச்சு, ஆனா ஆளுக்கொரு சட்டை. இந்த வருசம் எல்லாருக்கும் மெரூன் கோட்டு தைச்சோம், சரி பழைய போட்டோவுலயே கோட்டை ஏத்தி பிளெக்ஸ் அடிச்சிரலாம்னு போனா, ‘மேடை லைட்டு கோட்டுல விழுந்த மாதிரியே இருக்கும் அண்ணாச்சி’ன்னு சொன்னாரு. போட்டோவுக்கு 350, அட்வான்ஸ் 2000.

போன்ல பாக்க ஒண்ணும் தெரியல. எட்டடி பிளெக்ஸ் கட்டுன அன்னைக்கே டீக்கடையில ஒருத்தன் ‘ஏல, மூஞ்சியெல்லாம் நீலமா இருக்கு, கோட்டு மட்டும் ஜவுளிக்கடை பொம்மையில கழட்டுனது மாதிரில்லா இருக்கு’ன்னுட்டான். திரும்பப் போய் சண்டை போட்டா கோட்டு மேல நீலத்தை பூசித் தந்தாரு, பளபளன்னு நாவப்பழ கலரு! அதுவும் தப்புன்னு தெரியுது, ஏன்னுதான் புரியல.

எங்களுக்கு லைட் செட் போடுத அண்ணாச்சிதான் குடோனுக்கு கூட்டிட்டுப் போயி, கோட்டை மாட்டி வச்சு, எல்இடி பார் லைட்ட நீலத்துல மட்டும் எரிய விட்டாரு. கோட்டு கருப்பா போச்சுங்க, பட்டன் மினுக்கம் மட்டும் நீலம். மெரூன் துணி பெரும்பாலும் சிவப்பைத்தான் திருப்பி அனுப்பும், நீல எல்இடியில சிவப்பே கிடையாது, அப்புறம் எதை அனுப்பும்? பொறவு வலது பக்கம் இன்னொரு பாரை பிங்க்ல போட்டதும் அந்தத் தோளும் காலர் விளிம்பும் மட்டும் செவப்பா எந்திரிச்சு வந்துச்சு. எங்க மேடையிலயும் இதே ரெண்டு லைட்டுதான். அப்ப ஒழுங்கா செஞ்சிருந்தா நெஞ்சு கருப்பாவும் ஒரு தோள் செவப்பாவும்தான் வரணும், மெரூன் மெரூனா தெரியணும்னா அந்த போட்டோவே ஆகாது. இதை அந்த ஆளு மொதல்லயே சொல்லியிருக்கணும்லா.

நீங்க காசு குடுக்குமுன்ன பாக்க வேண்டியது நெத்தி விபூதிய. வெள்ளை மேல எந்த லைட்டு விழுதோ அந்த கலரைத்தான் காட்டும். எங்க கீபோர்டுக்காரருக்கு விபூதி ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பிங்க், ஆனா கோட்டுக்குள்ள இவரு ஒட்டுன சட்டைக் காலர் மட்டும் பால் வெள்ளை! பெருசு பண்ணி பாத்திருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பாரு.

மீதி 1500 நாங்க குடுக்கல, அட்வான்ஸ கேட்டா போனே எடுக்க மாட்டேங்காரு. பத்துல ரெண்டு போட்டோ பொன்னாடை போத்துனப்ப எடுத்தது, அப்ப மஞ்ச ஹாலோஜன் மட்டும்தான் எரிஞ்சுது. அதை வேற பையன்கிட்ட குடுத்தோம், கோட்டு லேசா செங்கல் நெறத்துல வந்திருக்கு, விபூதியும் காலரும் ஒரே மஞ்ச. புது பிளெக்ஸுல அதுதான்.