இ.சி.ஜி. சோதனையில் பேஷன்ட் சிமுலேட்டர்: பட்டறையில் சில வருட அனுபவம்

எங்கள் மருத்துவமனையின் பயோமெடிக்கல் பட்டறையில் நோயாளியின் இதய சிக்னலைப் போலவே செயற்கையாக உருவாக்கித் தரும் கையடக்க பேஷன்ட் சிமுலேட்டர் ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் அடிக்கடி கேட்பது, "இ.சி.ஜி. மிஷினிலேயே 1 மில்லிவோல்ட் காலிபரேஷன் பல்ஸ் இருக்கிறதே, தனியாக இது எதற்கு?" என்பது. இன்றைய டிஜிட்டல் மிஷின்கள் பலவற்றில் அந்தப் பல்ஸ் மென்பொருள் வரைந்து கொடுப்பது. அது சரியாக 10 மி.மீ. வந்தால் பிரின்டர் பகுதி சரி என்று சொல்லலாம். கேபிளும் உள்ளீட்டு ஆம்ப்ளிஃபையரும் அந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை. சிமுலேட்டரின் சிக்னல்தான் நோயாளியின் சிக்னல் வரும் வழியிலேயே வருகிறது.

முதலில் ஆம்பிளிட்யூட், அதாவது அலையின் உயரம். எங்கள் சிமுலேட்டரில் 1 மில்லிவோல்ட் என்று வைத்தால் அது லீட் 2-க்கு மட்டும்தான். லீட் 1-ல் அதில் 70 சதவீதம், லீட் 3-ல் 30 சதவீதம், மார்பு லீடான V1-ல் 24 சதவீதம் மட்டுமே வரும். V4-ல் 120 சதவீதம். மாடலுக்கு மாடல் இந்த விகிதம் மாறும், கையேட்டில் பட்டியல் இருக்கும். புதிதாக வந்த பையன்கள் V1-ல் இரண்டரை மி.மீ. கூட இல்லையே என்று மிஷினைத் திறக்கப் போவது இங்கே வழக்கமான காட்சி.

அளப்பதற்கு இதயத் துடிப்பு அலையை விட 2 ஹெர்ட்ஸ் ஸ்கொயர் வேவ்தான் நல்லது. இதய அலையின் உயரமான உச்சியான R முனை கூர்மையானது. மஸில் ஃபில்டர் ஆனில் இருந்தால் அது மழுங்கி உயரம் குறைந்துவிடும், நாம் கெயின், அதாவது சிக்னலை மிஷின் பெருக்கும் அளவு, தவறு என்று நினைப்போம். அதனால் ஃபில்டர்களை அணைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். பேஸ்லைன் ஃபில்டரை 0.5 ஹெர்ட்ஸில் விட்டால் ஸ்கொயர் வேவின் தட்டையான மேல்பகுதி கால் நொடிக்குள் பாதிக்கும் கீழே சரிந்துவிடும். 0.05 ஹெர்ட்ஸில் அதே சரிவு ஏழெட்டு சதவீதம்தான். எப்படியிருந்தாலும் அளக்க வேண்டியது செங்குத்தாக ஏறும் விளிம்பின் உயரத்தை. சரிந்த பிறகு இருக்கும் உயரத்தை அல்ல.

இ.சி.ஜி. மிஷின்களுக்குக் கெயினில் 5 சதவீதப் பிழை வரை ஏற்கலாம் என்பது நாங்கள் பின்பற்றும் வரம்பு. 10 மி.மீ. அலையில் அது அரை மி.மீ. அச்சாகும் கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு! ஸ்கேலை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மிஷின் பாஸ் ஆகும், ஃபெயில் ஆகும். அதனால் மிஷினை வழக்கமான 10 மி.மீ./மி.வோ.-லேயே விட்டுவிட்டு, சிமுலேட்டரில் 2 மில்லிவோல்ட் கொடுப்பேன். அலை 20 மி.மீ. வரும், வரம்பு ஒரு முழு மி.மீ. ஆகிவிடும். கோட்டின் மேல் விளிம்பிலிருந்து மேல் விளிம்புக்கு அளந்தால் தடிமன் கணக்கில் சேராது. சிமுலேட்டருக்கே 2 சதவீதப் பிழை இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. 20.9 மி.மீ. வந்தால் பாஸ் என்று எழுதுவதற்கு முன் இன்னொரு முறை பார்ப்பேன்.

ஒரு உதாரணம். வார்டிலிருந்து ஒரு மூன்று சேனல் மிஷின் வந்தது. "ரிதம் ஸ்ட்ரிப்ல அலை ரொம்பச் சின்னதா வருது சார், கெயின் போயிடுச்சுனு நெனைக்கிறேன்" என்றார் சிஸ்டர். காலிபரேஷன் பல்ஸ் சரியாக 10 மி.மீ. நிறம் பார்த்து சிவப்பை வலது கைக்கான RA-விலும் மஞ்சளை இடது கைக்கான LA-விலும் மாட்டி 1 மில்லிவோல்ட் கொடுத்தேன். லீட் 2-ல் 10 வர வேண்டிய இடத்தில் 3 மி.மீ. லீட் 3-ல் 3 வர வேண்டிய இடத்தில் 10. லீட் 1 தலைகீழாக 7 மி.மீ. மார்பு லீட்கள் ஆறும் கச்சிதம்.

கெயின் போயிருந்தால் எல்லா லீடும் ஒரே விகிதத்தில் குறையும். ஒன்று குறைந்து இன்னொன்று அதிகமாகாது. இரண்டு கை வயர்களும் இடம் மாறியிருந்தால்தான் லீட் 1 கவிழும், 2-ம் 3-ம் இடம் மாறும். மார்பு லீட்களின் ஒப்பீட்டுப் புள்ளி இரண்டு கைகளும் இடது காலும் சேர்ந்த சராசரி என்பதால் கைகள் மாறினாலும் அது மாறாது. அந்தக் கேபிள் வெளியே ரிப்பேருக்குப் போய் வந்தது. பனானா பிளக்குகளைப் புதிதாக மாட்டியவர்கள் சிவப்பு, மஞ்சள் உறைகளை மாற்றிப் போட்டிருந்தார்கள். மல்டிமீட்டரில் பின் பின்னாகப் பார்த்து உறுதி செய்தோம். (சில கேபிள்களில் டிஃபிப்ரிலேட்டர் ஷாக்கிலிருந்து பாதுகாக்க உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கும். சுமார் 10 கிலோ ஓம் காட்டினால் கேபிள் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.) காலிபரேஷன் பல்ஸை மட்டும் நம்பியிருந்தால் அந்த மிஷின் 'ஓ.கே.' ஸ்டிக்கரோடு வார்டுக்கே திரும்பியிருக்கும்.

அடுத்தது இதயத் துடிப்பு வேகம். 30, 60, 120, 180, 240 என்று வைத்து மிஷின் அச்சிடும் எண்ணைக் குறித்துக்கொள்வது எளிது. வேகத்தை மாற்றியதும் எண்ணைப் படிக்கக்கூடாது, கடந்த சில துடிப்புகளின் சராசரியைத்தான் அது காட்டுகிறது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்த எண்ணில் தவறு வந்து நான் பார்த்தது குறைவு. தவறு வருவது காகிதத்தில்.

60-ல் வைத்தால், நொடிக்கு 25 மி.மீ. ஓடும் காகிதத்தில் இரண்டு R-க்கு இடையே 25 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு இடைவெளியை அளந்தால் நுட்பம் போதாது. ஐந்து இடைவெளி சேர்த்து 125 மி.மீ. வருகிறதா என்று ஸ்டீல் ஸ்கேலில் பார்ப்பேன். கேஷுவால்ட்டி மிஷின் ஒன்றில் 118 மி.மீ.தான் வந்தது. ஒரு இடைவெளி 23.6 மி.மீ. நிமிடத்துக்கு ஓட வேண்டிய 1500 மி.மீ.-ஐ அதால் வகுத்தால் துடிப்பு 64. மிஷின் அச்சிட்டதோ 60. எண் சரியாகவும் தூரம் குறைவாகவும் இருந்தால் சிக்னலில் கோளாறு இல்லை, காகிதம் மெதுவாக நகர்கிறது. ரப்பர் ரோலர் பளபளப்பாகிக் காகிதம் வழுக்கிக்கொண்டிருந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்ததும் 124-க்கு வந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. கட்டம் முன்பே அச்சான காகிதத்தில் கட்டத்தை எண்ணினாலே இந்தக் குறை தெரிந்துவிடும். கட்டத்தையும் மிஷினே அச்சிடுகிற வகையில் அலையோடு கட்டமும் சேர்ந்தே சுருங்கும். எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரி போலவே இருக்கும். அங்கே ஸ்கேல் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

சிமுலேட்டரைப் பற்றி என் குறைகள்: தினமும் கழற்றி மாட்டுவதில் ஸ்நாப் முனைகள் தளர்ந்துவிடுகின்றன. ஒரு லீடில் மட்டும் கோடு நடுங்கினால் இப்போதெல்லாம் முதலில் வயரை வேறு முனையில் மாட்டிப் பார்க்கிறேன். அடாப்டரில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கலக்கிறது. பேட்டரியில் மட்டுமே அளக்கிறேன். வருடம் ஒருமுறை அதையும் காலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டும், அந்த நாட்களில் பட்டறையில் வேலை தேங்கும்.

இது கண்டுபிடிக்காதவையும் உண்டு. சிமுலேட்டரின் முனைகள் உலோகம், தொடர்பு எப்போதும் நன்றாக இருக்கும். காய்ந்த ஜெல், துருப்பிடித்த கிளாம்ப், வியர்த்த தோல் எதையும் அது போலச் செய்யாது. கசிவு மின்னோட்டத்துக்கு சேஃப்டி அனலைசர்தான் வேண்டும். பட்டறையில் பாஸான மிஷின் வார்டில் மறுபடி இரைந்தால், மிஷினைக் கேட்டு வாங்குவதற்கு முன் கிளாம்ப்களைக் கொண்டுவரச் சொல்வேன்.